டோஸ் மாறல, உடம்பு மாறிடுச்சு: டிகாக்சின் விஷமாகுற விதம்

கேள்வி: "அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர். ரொம்ப வருஷமா டிகாக்சின் 0.25 ஒரே டோஸ்தான். இப்போ ஒரு வாரமா சோறே இறங்கல, குமட்டுது. இத்தனை நாள் ஒத்துக்கிட்ட மாத்திரை இப்போ எப்படி ஒத்துக்காம போகும்?"

அடுத்த மாத்திரையைக் கொடுக்குறதுக்கு முன்னாடி அவரைப் பாக்குற டாக்டருக்கு போன் போட்டுருங்க. பொட்டாசியம், கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின், ஈசிஜி மூணும் இன்னைக்கே பாக்கணும். நான் டாக்டர் இல்ல, ஆஸ்பத்திரில பார்மசிஸ்ட். "நெட்ல பயமுறுத்தாதீங்க"னு யாராவது வருவீங்க, பரவால்ல, எங்க வீட்டுல நடந்ததைச் சொல்லிடுறேன்.

எங்க பெரியம்மாவுக்கு 70 தாண்டிடுச்சு, ஹார்ட் ஃபெயிலியரோட, இதயத்தோட மேல் அறை தாறுமாறா துடிக்குற ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனும் உண்டு. டிகாக்சினும், கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு நீர் மாத்திரையும் போட்டுட்டு நல்லாத்தான் இருந்தாங்க. வயித்தால போக ஆரம்பிச்சு சாப்பாடு குறைஞ்சுது, இருமலுக்குப் பக்கத்து கிளினிக்ல கிளாரித்ரோமைசின் எழுதினாங்க, அப்புறம் குமட்டல், ட்யூப்லைட்டைச் சுத்தி மஞ்சளா தெரியுதுன்னாங்க. வீட்டுல எல்லாரும் கேஸ்டிரிக்னு சொல்லி ஆன்டாசிட் கொடுத்துட்டு இருந்தாங்க.

நான் போனப்போ பெரியப்பா சந்தோஷமா சொன்னார், "எப்பவும் தாறுமாறா அடிக்கிற நாடி இப்போ சீராயிடுச்சும்மா". கையைப் பிடிச்சுப் பாத்தேன், நிமிஷத்துக்கு 42, கடிகாரம் மாதிரி ஒரே சீர். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் உள்ளவங்களுக்கு நாடி சீராவும் மெதுவாவும் ஆனா, பெரும்பாலும் மேல் அறையோட சிக்னல் கீழ இறங்காம மொத்தமா பிளாக் ஆகி, கீழ இருக்குற இடம் தனியா துடிக்குதுன்னு அர்த்தம். ஈசிஜியும் அதையேதான் காட்டுச்சு. பொட்டாசியம் 2.9க்கு இறங்கியிருந்துச்சு, கிரியாட்டினின் 2.3க்கு ஏறியிருந்துச்சு, டிகாக்சின் அளவு 2.8. ஹார்ட் ஃபெயிலியருக்கு 0.5ல இருந்து 0.9க்குள்ள இருந்தா போதும்.

ஏன் இப்படின்னா, இதயத் தசையோட ஒவ்வொரு செல்லுலயும் ஒரு சோடியம் பம்ப் இருக்கு. 3 சோடியத்தை வெளிய தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ள இழுக்கும். டிகாக்சின் அந்தப் பம்போட வெளிப்பக்கம் ஒட்டிக்கிட்டு அதைத் தடுக்கும். உள்ள சோடியம் கொஞ்சம் சேரும், சோடியத்தை உள்ள விட்டு கால்சியத்தை வெளிய அனுப்புற இன்னொரு வழியும் அதனால மந்தமாகும், கால்சியம் செல்லுக்குள்ளயே தங்கும், தசை பலமா சுருங்கும். அதுதான் மருந்து. அதே கால்சியம் அளவுக்கு மேல நிறைஞ்சா நேரம் கெட்ட நேரத்துல தானா வழிஞ்சு கூடுதல் துடிப்பு வரும், அதுதான் விஷம். டிகாக்சின் வேகஸ் நரம்பு வழியா இதயத்தோட சிக்னலை மெதுவாக்குறது தனி.

இதுல பொட்டாசியம் எங்க வருதுன்னா, அதுவும் டிகாக்சினும் அந்தப் பம்புக்குப் போட்டி போடும். பொட்டாசியம் குறைஞ்சா டிகாக்சின் இன்னும் கூட ஒட்டும். அதனால நீர் மாத்திரையும் பேதியும் சேர்ந்து பொட்டாசியத்தை இறக்கினா, ஒரு மாத்திரை கூட கூட்டாமலே டோஸைக் கூட்டின மாதிரிதான். தண்ணி வத்தி கிட்னி மந்தமானா டிகாக்சின் வெளிய போகாது. நல்ல கிட்னில பாதி அளவு கழிய ஒன்றரை, ரெண்டு நாள் ஆகும், கெட்டுப்போன கிட்னில 4, 5 நாள் கூட ஆகலாம். கிளாரித்ரோமைசின் குடல்லயும் கிட்னிலயும் டிகாக்சினை வெளியேத்துற வேற ஒரு பம்பை அடைச்சிடும். அமியோடரோன், வெராபமில் போட்டாலும் அளவு ஏறும்.

அவங்களுக்கு டிகாக்சினை நிறுத்தி, தண்ணியைப் பாத்து ஏத்தி, மானிட்டர் போட்டு பொட்டாசியத்தை மெதுவா ஏத்தினாங்க. வீட்டுல நீங்களா பொட்டாசியம் சிரப் கொடுத்துடாதீங்க, கிட்னி சரியில்லன்னா அளவு தாறுமாறா ஏறும், பிளாக் இருந்தா அதுவும் மோசமாகும். டிகாக்சினைப் பிடிச்சு இழுக்குற ஆன்டிபாடி ஊசி ஒண்ணு உண்டு, எங்களுக்குச் சட்டுனு கிடைக்கல, டெம்பரரி பேஸ்மேக்கரைத் தயாரா வச்சுக்கிட்டுக் காத்திருந்தோம். பெரியம்மா பிழைச்சாங்க.

அப்போ இது கெட்ட மருந்தான்னு கேக்காதீங்க. டிகாக்சினைச் சோதிச்சு 1997ல வந்த டிஐஜி ட்ரையல்ல 6800 பேரைப் பாத்தாங்க, சாவு குறையல, ஆனா ஹார்ட் ஃபெயிலியருக்காக அட்மிட் ஆகுறது குறைஞ்சுது. வேலை செய்யுற அளவுக்கும் விஷமாகுற அளவுக்கும் இடைவெளி குறைச்சலான மருந்து, அவ்வளவுதான். எனக்குக் கோபம் வேற இடத்துல. மெடிக்கல்ல அட்டையைக் கத்தரிச்சு நாலு மாத்திரை கொடுக்குறாங்க, பேரும் எக்ஸ்பைரியும் கடைக்காரர்கிட்டயே போயிடுது. பெரியம்மா பையில அப்படி மூணு துண்டு, எது என்னன்னு கேஷுவால்ட்டில யாருக்கும் சொல்லத் தெரியல. பில்லோட முழு அட்டையா கேளுங்க, சண்டை போட்டாவது.

டிகாக்சின் அளவு டெஸ்ட் எழுதினா, கடைசி மாத்திரை போட்டு 6 மணி நேரமாவது ஆனப்புறம் ரத்தம் எடுக்கச் சொல்லுங்க, முன்னாடி எடுத்தா அளவு பொய்யா ஏறிக் காட்டும். "லெவல் நார்மல்"னு வந்தாலும் பொட்டாசியம் என்னன்னு கேக்காம வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க.