விரலை எடுத்ததும் போய்விடும் குரல் பதிவு

கேள்வி: வாஷிங் மெஷின் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. துணி பிழியும்போது கடகடவென்று சத்தம். கடையில் சொன்னால், "சத்தத்தோட சேர்த்து விவரமா வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போடுங்க, மெக்கானிக்கிடம் கேட்கவைக்கிறோம்" என்கிறார்கள். மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே மெஷினைத் திருப்பிப் போட முடியவில்லை. விரல் நழுவி, பாதிப் பேச்சு இரண்டு தடவை போய்விட்டது. பொறுமையாகப் பேசி, கேட்டுப் பார்த்து, அப்புறம் அனுப்ப வழி இருக்கிறதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இருக்கிறது அம்மா. மைக்கை அழுத்தியதும் விரலுக்கு நேர் மேலே ஒரு சின்னப் பூட்டுப் படம் வரும். விரலை எடுக்காமல் அப்படியே மேலே தள்ளுங்கள். பூட்டு விழுந்ததும் விரலை எடுத்துவிடலாம். பதிவு தானாக ஓடிக்கொண்டிருக்கும். போனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் மெஷினைப் பார்க்கலாம்.

தள்ளுகிற திசைதான் முக்கியம். விரல் இடது பக்கம் சாய்ந்தால் பதிவு ரத்தாகிவிடும். பூட்டு விழுவதற்கு முன்பே எடுத்துவிட்டால், அதுவரை பேசியது போய்ச் சேர்ந்துவிடும். உங்களுக்கு இரண்டு தடவை நடந்தது இதுதான். பூட்டு விழுந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே அடையாளம் போதும்: திரையின் அடியில் குப்பைத்தொட்டி, நடுவில் இரண்டு கோடு போட்ட நிறுத்தும் பொத்தான், வலது ஓரத்தில் அனுப்பும் அம்பு என மூன்றும் தெரிய வேண்டும். அதைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். முதல் முறை கடைக்காரருக்கே போட வேண்டாம். வீட்டில் யாருக்காவது இரண்டு வார்த்தை போட்டு விரலைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

நடுவில் இருக்கும் அந்த இரண்டு கோட்டைத் தொட்டால் பதிவு நிற்கும். நின்ற இடத்தில் ஒரு முக்கோணம் வரும். அதைத் தொட்டால் இதுவரை பேசியதைக் கேட்கலாம். சிவப்பு மைக்கைத் தொட்டால், விட்ட இடத்திலிருந்து பதிவு தொடரும். இந்த நிறுத்தித் தொடரும் வசதியை 2022 மார்ச்சில்தான் வாட்ஸ்அப் அறிவித்தது. உங்கள் போனில் அந்தப் பொத்தானே வரவில்லை என்றால் செயலி பழையதாக இருக்கிறது. பிளே ஸ்டோரில் போய்ப் புதுப்பித்துவிடுங்கள்.

இனி உங்கள் மெஷினுக்கு வருவோம். மெக்கானிக்குக்கு வேண்டியது மூன்று விஷயம்தான்: எந்த நேரத்தில் சத்தம் வருகிறது, துணி இல்லாமலும் வருகிறதா, சத்தம் எப்படி இருக்கிறது. முதலில் டிரம்முக்குள் கையை விட்டு, காசு, ஊக்கு, பட்டன் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் துணியே போடாமல், பிழிவதற்கு மட்டும் உள்ள சுற்றில் வையுங்கள். முழுச் சுற்றும் ஓடி முடிகிற வரை போனை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

போனை மெஷின் மேல் வைக்காதீர்கள். அதிர்வில் போன் நகரும், பதிவில் வெறும் தடதடப்புதான் விழும். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, மடித்த துண்டின் மேல் வையுங்கள். பெரும்பாலான போன்களில் பேசும் மைக் அடி ஓரத்தில், சார்ஜர் செருகும் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த ஓரம் துணியில் புதையாமல் வெளியே நீட்டிக்கொண்டு, உங்களையும் மெஷினையும் பார்க்கட்டும். புளூடூத் இயர்போன் இணைந்திருந்தால் அதைத் துண்டித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில போன்களில் அதன் மைக்கில் பதிவாகி, மெஷின் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கும்.

ஆரம்பிக்கும் முன் ஏரோப்பிளேன் மோடைப் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் அழைப்பு வந்து பதிவைக் கெடுக்காது. பதிவு செய்ய நெட் தேவையில்லை. அனுப்பும் அம்பைத் தொட்டால் கடிகாரக் குறியோடு காத்திருக்கும், நெட் வந்ததும் போய்விடும்.

பூட்டைப் போட்டு, முதலில் முப்பது நொடி பேசுங்கள்: எந்த மாதம் வாங்கியது, சத்தம் எப்போது தொடங்கியது, துவைக்கும்போது இல்லை, பிழியும்போது மட்டும்தான் என்பது. நிறுத்துங்கள். மெஷினைப் போடுங்கள், மெதுவாகச் சுற்றி வேகம் பிடிக்கட்டும். சத்தம் கிளம்பியதும் சிவப்பு மைக்கைத் தொட்டு, "இப்போது துணி இல்லாமல் சுற்றுகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு, பதினைந்து நொடி வாயைத் திறக்காதீர்கள். சத்தத்துக்கு மேல் நாம் பேசிக்கொண்டே போனால் நம் குரல்தான் கேட்கும், சத்தம் அமுங்கிவிடும். மறுபடி நிறுத்துங்கள். மெஷின் முழுதாக நின்ற பிறகு ஈரத் துணி போட்டு இதையே இன்னொரு தடவை செய்யுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் மொத்தமும் முடிந்துவிடும். காத்திருந்த நேரம் எதுவும் பதிவில் இருக்காது. நிறுத்தும் வசதியின் உண்மையான பயன் இதுதான்.

அனுப்புவதற்கு முன் முக்கோணத்தைத் தொட்டு ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள். கடகட சத்தம் உங்கள் காதுக்கே தெளிவாக விழவில்லை என்றால் மெக்கானிக்குக்கும் விழாது. போனை ஒரு முழம் கிட்டே நகர்த்தி மறுபடி எடுங்கள்.

இங்கே ஒரு குறை இருக்கிறது. நிறுத்தித் தொடர்ந்தால் கடைசியில்தான் சேரும். நடுவில் உளறியதை மட்டும் வெட்டி எடுக்க முடியாது. பிடிக்கவில்லை என்றால் குப்பைத்தொட்டியைத் தொட்டு முழுவதையும் அழிக்க வேண்டியதுதான். அழித்தது திரும்ப வராது. அதனால் ஐந்து, ஆறு நிமிடம் பேச வேண்டிய விஷயம் என்றால், ஒரே பதிவாக இழுக்காமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடச் சொல்வேன். ஒன்று கெட்டால் அதை மட்டும் மறுபடி எடுக்கலாம். பதிவை நிறுத்தி வைத்துவிட்டு வேறு செயலிக்குப் போவது, போனைப் பூட்டிவிட்டுச் சமைக்கப் போவது இதெல்லாம் வேண்டாம். அந்த நேரத்தில் ஒவ்வொரு போனும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும்.

தவறிப்போய் அனுப்பிவிட்டால், அந்தப் பதிவை அழுத்திப் பிடித்து, எல்லோருக்கும் அழிப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல் அவகாசம் உண்டு. ஆனால் செய்தி அழிக்கப்பட்டது என்ற வரி அங்கே தெரியும், அதற்குள் அவர்கள் கேட்டும் இருக்கலாம்.

இன்னொன்றை நான் எல்லா வாசகர்களுக்கும் சொல்வதுண்டு. பில் எண், தேதி, மெஷினின் மாடல் எண், முகவரி இவற்றை வாயால் சொல்லாதீர்கள், எழுத்தில் போடுங்கள். போன வருஷம் என் ஃபிரிட்ஜுக்காக ஒரு கடைக்குக் குரலிலேயே பில் எண்ணைச் சொன்னேன். ஒரு எண்ணைத் தப்பாகக் குறித்துக்கொண்டு, அப்படி ஒரு பில்லே இல்லை என்று இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். எழுத்தில் இருந்தால் அப்படியே நகலெடுப்பார்கள். பிறகு நீங்கள் தேடினாலும் கிடைக்கும். சத்தத்தைக் குரலில் அனுப்புங்கள், அதற்குக் கீழேயே பில்லின் படத்தோடு, "வாரண்டியில் பார்த்துத் தரவும்" என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த உரையாடலில் செய்திகள் தானாக மறையும் அமைப்பு போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் பதிவை அனுப்பும் முன்பே அணைத்துவிடுங்கள். மெஷின் சரியாகும் வரை அந்தப் பதிவு உங்கள் கையில் இருக்க வேண்டும்.