அறிமுகம் கேட்டால் "பார்க்கிறேன்" என்பதோடு நின்றுவிடுகிறதா?

"பழைய சக ஊழியரிடம், அவருக்குத் தெரிந்த மேலாளரிடம் அறிமுகப்படுத்தச் சொன்னேன். 'பார்க்கிறேன்' என்றார். இரண்டு வாரமாகப் பதில் இல்லை."

அவருக்கு மனமில்லை என்று முடிவுகட்டாதீர்கள். உங்களைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியாமல் தள்ளிப்போட்டிருக்கலாம். அதை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

அவர் அப்படியே ஃபார்வர்டு செய்யும்படி புதிய மெயில் அனுப்புங்கள். பழைய மெயிலிலேயே ரிப்ளை செய்தால் நீங்கள் இருவரும் பேசிய சொந்த விஷயங்களும் சேர்ந்து போய்விடும். மெயிலில் இவ்வளவு போதும்:

"கிடங்கு மென்பொருளில் 4 வருட அனுபவம். உங்கள் குழு இருப்புக் கணக்கை எப்படிச் சரிபார்க்கிறது என்று கேட்க 15 நிமிடம் கிடைக்குமா?"

"வழிகாட்டல் வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அந்த மேலாளருக்கே புரியாது.

அந்தச் சக ஊழியருக்குத் தனியாக வாட்ஸப்பில்: "அவரிடம் முதலில் கேளுங்கள், சரி என்றால் மட்டும் இணையுங்கள். சங்கடமென்றால் விட்டுவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்."