'இவாலுவேட்' என்றால் விளக்குவது அன்று

"அக்கா, நான் தலவாக்கலையிலிருந்து போன மாதம்தான் இங்கிலாந்துக்குப் படிக்க வந்தேன். கேள்வித்தாளில் டிஸ்கஸ், இவாலுவேட், ஜஸ்டிஃபை, அவுட்லைன் என்றெல்லாம் வருகிறது. எல்லாவற்றுக்கும் தெரிந்ததை விளக்கி எழுதினால் போதும்தானே? அறை வாடகை, குளிர்ச்சட்டை பற்றியும் சொல்லுங்கள்."

தம்பி, வாடகையையும் குளிர்ச்சட்டையையும் உன் வகுப்பில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள். நான் வந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன, என் கணக்குகள் இப்போது செல்லா. கேள்விச் சொற்களைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் முதற் பருவத்தில் என்னை வீழ்த்தியவை அவைதாம்.

ஹட்டனில் உயர்தரம் படித்தபோது நான் டியூஷன் குறிப்பை மனனம் செய்து, மேலதிகத் தாள் கேட்டு வாங்கி நிரப்பியவள். 'ஆராய்க' என்று வந்தாலும் 'விளக்குக' என்று வந்தாலும் அதே ஐந்து பக்கங்கள்தாம். இங்கே அப்படி எழுதிய முதற் கட்டுரைக்கு 42 புள்ளிகள் கிடைத்தன. விளிம்பில் விரிவுரையாளர் பென்சிலால், "எல்லாம் சரி, அதனால் என்ன?" என்று எழுதியிருந்தார். லண்டனில் இருந்த உறவினர்கள் "இன்னும் நிறைய எழுது" என்றார்கள். முன்னதாக வந்த நம்மவர்கள் பலர் இன்றும் இதே புத்தியைத்தான் சொல்கிறார்கள், அதைக் கேட்காதே.

நமது மலையகத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். கோப்பி அழிந்து தேயிலை பரவியதற்கு இலைநோயே காரணம் என்பது கூற்று.

அவுட்லைன் செய்யச் சொன்னால் முக்கியமான குறிப்புகளை மட்டும் வரிசையாக வை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியில் இலைநோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி நின்ற நிலங்கள் தேயிலைக்கு மாறின. அவ்வளவுதான், நிறுத்திவிடு. நான்கு புள்ளிக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதுபவன் அடுத்த கேள்வியின் நேரத்தைத்தான் செலவழிக்கிறான்.

டிஸ்கஸ் என்றால் கூற்றின் வெவ்வேறு பக்கங்களையும் எடுத்து, ஒன்றுக்கு மற்றொன்று பதில் சொல்லும்படி எழுத வேண்டும். இலைநோய்ப் பூஞ்சணம் இலையை உதிர்த்து விளைச்சலைக் குறைத்தது என்பது ஒரு பக்கம். பிரேசில் கோப்பியின் போட்டியால் விலை சரிந்ததும் தோட்டத் துரைமாரைத் தேயிலைக்குத் தள்ளியது என்பது மற்றொரு பக்கம். இரண்டையும் தனித்தனிப் பந்திகளாக அடுக்கினால் அது இரண்டு விளக்கங்களாகவே நிற்கும். "விலை மட்டும் சரிந்திருந்தால் தோட்டம் மீண்டிருக்கலாம், நோய் அந்த வாய்ப்பையும் பறித்தது" என்பது போன்ற வரிதான் இரண்டையும் மோதவிடுகிறது.

இவாலுவேட் என்பதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். அங்கே எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அதற்கு முன் எதைக் கொண்டு எடைபோடுகிறாய் என்பதும் தெரிய வேண்டும். நான் அந்தக் கட்டுரையை இன்று எழுதினால், இலைநோய் எந்தக் கேள்விக்குப் பதில் தருகிறது என்று முதலில் கேட்பேன். கோப்பி ஏன் போயிற்று என்பதற்கு அது பதில் தருகிறது. தேயிலை ஏன் வந்தது என்பதற்குத் தரவில்லை. ஏனெனில் கோப்பி போன இடத்தில் துரைமார் பலர் முதலில் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்தை நட்டார்கள், அதன் பட்டை சந்தையில் மிகுந்து விலை வீழ்ந்தபின் கைவிட்டார்கள். திருத்திய நிலமும், தென்னிந்தியாவிலிருந்து வந்திருந்த நம் முன்னோரின் உழைப்பும், 1867இல் கண்டியை எட்டிய ரயிலும் ஏற்கெனவே இருந்தன. ஆகவே கோப்பியின் வீழ்ச்சியைப் பொறுத்தவரை கூற்று பெருமளவுக்குச் சரி, தேயிலையின் பரவலைப் பொறுத்தவரை பாதிதான் சரி. இதுவே தீர்ப்பு. இதைக் கடைசி வரியில் திடீரென ஒட்டிவைக்கக் கூடாது. ஒவ்வொரு பந்தியும் அதை நோக்கி நகர வேண்டும்.

ஜஸ்டிஃபை கேள்வியில் நிலைப்பாடு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. அதற்கு ஆதாரம் காட்டுவதே உன் வேலை. ஒரு துரை கோப்பியைப் பிடுங்கித் தேயிலை நட்டது சரியே என்று நிறுவச் சொன்னால், தேயிலையின் நன்மைகளை மட்டும் சொன்னால் போதாது, சிங்கோனாவைவிட அது ஏன் மேல் என்றும் காட்ட வேண்டும். எதிர்த்தரப்புக்குச் சமமான இடம் தேவையில்லை. ஆயினும் தொழிற்சாலைக்குப் பெரும் முதலீடு வேண்டியிருந்ததே என்ற வலுவான மறுப்பை எதிர்கொள்ளாமல் விட்டால் வாதம் ஓட்டையாகிவிடும்.

ஒரு வரம்பும் உண்டு. டிஸ்கஸ் கேள்விக்குத் தீர்ப்பு வேண்டுமா என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். ஏகியூஏ, கேம்பிரிட்ஜ் போன்ற தேர்வுச் சபைகள் இச்சொற்களின் பொருளைத் தாங்களே பட்டியலாக வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தில் மதிப்பீட்டு அளவுகோல் தாளைக் கேட்டு வாங்கு.

எழுதி முடித்ததும் பென்சிலை எடுத்து, தகவல் சொல்லும் வரிக்கு 'த' என்றும், எடைபோட்டு மதிப்பிடும் வரிக்கு 'ம' என்றும் விளிம்பில் குறித்துப் பார். இவாலுவேட் விடையில் ஒரு பந்தி முழுவதும் 'த'வாக இருந்தால் அந்தப் பந்தியைத் திருத்து. அந்த 42 புள்ளிக் கட்டுரையை நான் பின்னொரு நாள் இவ்வாறு குறித்துப் பார்த்தேன். ஐந்து பக்கங்களிலும் ஒரேயொரு 'ம'தான் இருந்தது, அதுவும் கடைசி வரியில்.