தேனுக்கும் பெட்டிக்கும் ஒரே நீளம் வேண்டாம்

"மார்த்தாண்டத்தில் தேனும் தேனீ வளர்ப்புப் பெட்டியும் விற்கிறோம். விளம்பரப் படம் 15 விநாடியா, 30-ஆ, 60-ஆ?"

வணக்கம். தேன் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். உங்களிடம் முன்பு வாங்கியவர்களுக்கும் விலை கேட்டுப் போனவர்களுக்கும் 15 விநாடி போதும்: புட்டி, விலை, கிடைக்கும் இடம். அதற்குள் தேனின் பெருமையையும் நுழைத்தால் விலை காதில் விழாது.

உங்களை அறியாத சென்னைக்காரருக்குக் கலப்படம் குறித்த ஒரே சந்தேகம்தான் தடை. ரப்பர் தோட்டத்தில் பெட்டியைத் திறப்பதையும் அடையிலிருந்து தேன் எடுப்பதையும் இடையில் காட்சியை வெட்டாமல் காட்டுங்கள். அதற்கு 30 விநாடி வேண்டும்.

பெட்டி வேறு விஷயம். கொட்டுமா, வீட்டில் எங்கே வைப்பது, எறும்பை எப்படித் தடுப்பது என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் புதியவர் பணம் தரமாட்டார். பெட்டியின் காலடியில் நீர்க்கிண்ணம் வைப்பதைக் காட்டவே சில விநாடிகள் போகும். ஆகவே 60. ஏற்கெனவே தேனீ வளர்ப்பவருக்கோ அதே பெட்டிக்கு 15 போதும். அவர் கேட்பது எந்த மரம், அடை கட்டும் சட்டங்கள் எத்தனை, விலை என்ன என்பவைதான்.

படம் பார்த்து அழைப்பவர்களின் முதல் கேள்வியைக் குறித்துவையுங்கள். எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டால் நீளம் போதும். "கொட்டுமா?" என்றே பலரும் கேட்டால் அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டீர்கள்.