பழைய நம்பர் வேறொருத்தர் கையில். ஓடிபி அங்கே போகுது

"ரீசார்ஜ் பண்ணாம விட்ட அப்பா நம்பர் இப்ப யாருக்கோ போயிடுச்சு. பேங்க் ஓடிபி அவருக்குத்தான் போகுது. பழைய சிம் இல்லாம மாத்த முடியுமா?"

முடியும். அப்பாவையே பாஸ்புக், ஆதாரோட பேங்க் கிளைக்குக் கூட்டிட்டுப் போய், நம்பர் மாற்ற விண்ணப்பம் கொடுங்க. அங்கே பழைய நம்பருக்கு வர்ற ஓடிபி தேவைப்படாது.

90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்ட் நம்பரை சிம் கம்பெனி நிறுத்திடலாம். அப்புறம் குறைஞ்சது 90 நாள் கழிச்சு வேறொருத்தருக்குக் கொடுக்கலாம். இதனால பேங்க்ல இருக்கிற நம்பர் தானா மாறாது.

ஆதாரையும் பாருங்க. uidai.gov.in-ல Check Aadhaar Validity போனா, இணைஞ்ச நம்பரோட கடைசி மூணு இலக்கம் வரும். பழசுன்னா பக்கத்துல இருக்கிற ஆதார் மையத்துல கைரேகை வச்சு மாத்திடலாம். பேங்க்ல மாத்தினா ஆதார்ல மாறாது, ரெண்டும் தனித்தனி. எங்கம்மாவுக்கு இதைக் கவனிக்காம விட்டு, கேஸ் மானிய வேலைக்கு வந்த ஓடிபி ஓசூர்ல யாரோ ஒருத்தருக்குப் போச்சு.

அப்பாவோட பழைய நம்பரை இப்ப வச்சிருக்கிறவருக்குப் போன் பண்ணி ஓடிபி மட்டும் கேட்காதீங்க.