ஒன்பது கட்டங்களிலிருந்து திட்ட அறிக்கைக்கு: கேள்வி பதில்

கேள்வி: இட்லி மாவு தயாரித்துக் கடைகளுக்குக் கொடுக்கப் போகிறேன். வாடிக்கையாளர், வரவு, செலவு என்று தொழிலை ஒரே தாளில் குறித்துக்காட்டும் பிசினஸ் மாடல் கேன்வாஸின் ஒன்பது கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். கட்டத்துக்கு ஒரு பத்தி எழுதினால் திட்ட அறிக்கை ஆகிவிடுமா? கடைக்குக் கிலோ 48 ரூபாய். அரிசி, உளுந்து, உறை, வண்டி சேர்த்துக் கிலோவுக்கு 30 ரூபாய் செலவு. வாடகை, கூலி, மின்சாரம் மாதம் 54,000.

பதில்: ஆகாது. ஒரு கட்டம் மற்றொன்றை ஏன் தீர்மானிக்கிறது என்பதைக் கேன்வாஸ் சொல்வதில்லை. அறிக்கை அதைச் சொல்ல வேண்டும். வாங்குபவரிலிருந்து தொடங்குங்கள். "வேலைக்குச் செல்வோர் மாலையில் வீடு திரும்பும்போது மாவு வாங்குவதால், பிற்பகல் 3 மணிக்குள் கடைகளில் சேர்ப்போம், அதற்காகக் காலையிலேயே அரைத்து முடிக்க ஒருவரை வேலைக்கு அமர்த்துவோம்" என்று எழுதினால், நான்கு கட்டங்கள் ஒரே வாக்கியத்தில் பிணைந்துவிடுகின்றன. இவ்வாறு எதனுடனும் இணைய மறுக்கும் குறிப்பு இருந்தால், அதை இன்னும் யோசித்து முடிக்கவில்லை என்று பொருள்.

அடுத்து எண்கள். கிலோவுக்கு 18 ரூபாய் மிஞ்சுவதால், மாதம் 3,000 கிலோ, அதாவது நாளொன்றுக்கு 100 கிலோ விற்றால் செலவு ஈடாகும். ஆனால் மாவு புளிக்கும்; விற்காததைக் கடைக்காரர் திருப்பித் தருவார். 100 கிலோவில் 5 கிலோ திரும்பினால் வரவு 4,560, செலவு 3,000, மிச்சம் 1,560 மட்டுமே. அப்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 115 கிலோ அனுப்பியாக வேண்டும். அத்தனையையும் எடுக்க எத்தனை கடைகள் வேண்டும் என்பதை அறிக்கையில் எழுதுங்கள்.

கேள்வி: டியூஷன் சென்டர் நடத்துகிறேன். வாடிக்கையாளர் கட்டத்தில் 'அனைத்து மாணவர்களும்' என்று எழுதியது சரிதானே?

பதில்: சரியல்ல. 'அனைவரும்' என்ற சொல் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். மேலும், படிப்பவர் மாணவர், பணம் தருபவர் பெற்றோர். இருவரைப் பற்றியும் தனித்தனியே எழுத வேண்டும்.

கேள்வி: நிரப்பினால் போதும் என்பது போன்ற மாதிரி அறிக்கை கிடைக்குமா?

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி வருகிறது. மாதிரியில் இருப்பவை பிறருடைய காரணங்கள், தர மாட்டேன்.

கேள்வி: திரும்பி வரும் மாவைப் பற்றி எழுதினால் வங்கி மேலாளர் தயங்குவார். கணக்கு பார்ப்பவர் அதை விட்டுவிடச் சொல்கிறார்.

பதில்: சுருக்கமாக எழுதலாம் என்ற அளவில் அவர் சொல்வது சரி. விட்டுவிட்டால், மேலாளர் கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது.

கேள்வி: நான் மளிகைக் கடைக்காரன். 5 சதவீதம் என்பது மிகக் குறைவு ஐயா. மழை நாட்களில் அதைப் போல இரு மடங்கு திருப்பித் தருகிறோம்.

பதில்: உங்கள் அனுபவத்தை ஏற்கிறேன். 10 சதவீதம் திரும்பினால், தேவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 136 கிலோவாக உயரும். ஆண்டு முழுவதற்கும் அதையே வைக்க வேண்டும் என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை; மழை மாதங்களுக்குத் தனிப் பத்தி எழுதி, அப்போது குறைவாக அரைப்பதாகச் சொல்லலாம்.

கேள்வி: குறைவாக அரைத்தாலும் வாடகையும் கூலியும் குறையாதே?

பதில்: குறையாது. அந்த மாதங்களின் பற்றாக்குறையை எந்தக் கையிருப்பிலிருந்து ஈடுசெய்வார் என்பதை மாவுக்காரர்தான் எழுத வேண்டும். அவர் தந்த விவரங்களில் அதற்கான விடை இல்லை.