புதுக்கடை போட்ட 8 லட்சத்தையும் முதல் வருடச் செலவாகவே எழுதலாமா?

கேள்வி: போன ஆவணியில் மன்னார்குடியில் வாடகைக் கட்டடத்தில் ஜவுளிக்கடை திறந்தேன். சரக்கு போக, கடையைத் தயார் செய்ய மட்டும் 8 லட்சம் ஆனது. மார்ச் வரை விற்ற துணியின் கொள்முதல், சம்பளம், வாடகை, கரண்ட் எல்லாம் கழித்து 6 லட்சம் மிச்சம். அப்படியானால் முதல் வருடம் 2 லட்சம் நஷ்டம் என்று காட்டலாம்தானே? தம்பி முடியாது என்கிறான்.

பதில்:

தம்பி சொல்வதுதான் சரி. உங்களுக்கு நஷ்டம் இல்லை, சுமார் 4 லட்சம் லாபம். திருவாரூர் வட்டாரக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. புதுக்கடைக்காரர்கள் முதல் மார்ச்சில் என்னிடம் அதிகம் கேட்பது இந்தக் கேள்விதான்.

கையை விட்டுப் பணம் போய்விட்டது என்பதாலேயே அது அந்த வருடத்தின் செலவு ஆகிவிடாது. அந்தப் பணத்தின் பயன் எத்தனை வருடம் நிற்கும் என்று பார்க்க வேண்டும். மார்ச் 31க்குள் பயன் தீர்ந்துவிட்டால் அது வருவாயினச் செலவு, முழுசாக லாபத்தில் கழியும். பல வருடம் கடையிலேயே நின்று வேலை செய்வதென்றால் அது முதலினச் செலவு. சொத்தாக இருப்புநிலைக் குறிப்பில் உட்கார்ந்துகொண்டு, வருடாவருடம் தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் லாபத்தில் கழியும்.

உங்கள் 8 லட்சத்தின் பிரிவை நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்தில் இந்த அளவுக் கடைக்கு வழக்கமாக ஆகிற மாதிரி நானே பிரித்துக் காட்டுகிறேன், உங்கள் தொகைகளை இதில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கட்டட உரிமையாளரிடம் கொடுத்த அட்வான்ஸ், 1,50,000 என்று வைப்போம். இது இரண்டு இனத்திலும் சேராது, ஏனென்றால் இது செலவே இல்லை. காலி செய்யும்போது திரும்பி வர வேண்டிய உங்கள் பணம், அவரிடம் இருக்கிறது, அவ்வளவுதான். தேய்மானமும் கிடையாது. இதை வாடகைக் கணக்கில் எழுதிவிடுகிறவர்கள் நிறைய. லாபம் ஒன்றரை லட்சம் குறைந்துபோவது மட்டுமில்லை, அட்வான்ஸ் திரும்ப வரும் வருடத்தில் அது எங்கிருந்தோ வந்த வருமானம் போல நிற்கும்.

அடுத்தது ரேக், கவுண்டர், கண்ணாடி. பில் 2,10,000. இதோடு கும்பகோணத்திலிருந்து ஏற்றி வந்த வண்டி வாடகையும், ஆசாரிக்குக் கொடுத்த பொருத்துக்கூலியும் சேர்த்து 30,000. இங்கேதான் நல்ல கணக்குப்பிள்ளையும் சறுக்குவார். கூலி என்ற சொல்லைப் பார்த்ததும் கூலிக் கணக்கிலும், வண்டி வாடகையைப் பார்த்ததும் சரக்கு வரத்துக் கணக்கிலும் எழுதிவிடுவார். துணி மூட்டை இறக்கிய கூலி என்றால் அது வருவாயினம்தான். ஆனால் ஒரு ரேக் கடையில் நின்று துணி தாங்கும் நிலைக்கு வருகிற வரை ஆன செலவு எல்லாம் அந்த ரேக்கின் விலையே. ஆக ரேக்கின் அடக்கம் 2,40,000.

வயரிங், விளக்கு, மின்விசிறி 60,000. தரைக்கு டைல்ஸ் 70,000. ஏசியும் இன்வெர்ட்டரும் 1,00,000. பில் போடும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் 60,000. இவையும் முதலினமே. டைல்ஸ் விஷயத்தில், கட்டடம் நம்முடையது இல்லையே என்ற சந்தேகம் வரும். வாடகைக் கட்டடத்தில் வியாபாரத்துக்காக நீங்கள் செய்த முதலின வேலைக்கு, அந்த அளவுக்கு உங்களையே உரிமையாளராகக் கருதித் தேய்மானம் தர வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மீதி இருப்பது வெள்ளையடித்தது, ஷட்டரைச் சரிசெய்தது 30,000, திறப்பு விழாவுக்கு நோட்டீஸ், பிளெக்ஸ், ஆட்டோ விளம்பரம், பூஜை, இனிப்பு 50,000, திறப்பதற்கு முந்தைய இரண்டு மாத வாடகை 40,000. இந்த 1,20,000 வருவாயினம். திறப்பு விழா ஒருமுறைதான் வரும், அதனால் முதலினம் என்று சிலர் வாதாடுவார்கள். ஒருமுறை வருவது அளவுகோல் இல்லை. புது இடம் திறக்கும் செலவையும் விளம்பரச் செலவையும் சொத்தின் அடக்கத்தில் சேர்க்கக் கூடாது என்று கணக்கியல் தரம் 10 தெளிவாகவே சொல்கிறது.

ரிப்பேர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், பெரிய தொகைகள் இடம் மாறுவது இங்கேதான். கடைத்தெருவில் பழைய ஓட்டுக் கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றினால் வருவாயினம். ஓட்டையே பிரித்துவிட்டுத் தகடு போட்டால் முதலினம். ஷட்டருக்கு ஸ்பிரிங் மாற்றி கிரீஸ் போடுவது வருவாயினம். பழைய பலகைக் கதவை எடுத்துவிட்டுப் புது ஷட்டர் வைப்பது முதலினம். இருந்ததை இருந்தபடி வைத்திருக்க ஆன செலவா, முன்பு இல்லாத ஒன்றை உண்டாக்கியதா என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். தொகை பெரியதா சிறியதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று, இதே பழைய கட்டடத்தை நீங்கள் விலைக்கு வாங்கி, திறப்பதற்கு முன் பழுது பார்த்து வெள்ளையடித்திருந்தால் அந்தச் செலவும் கட்டடத்தின் அடக்கத்தில் சேரும். வாங்கிய சொத்தைப் பயனுக்குக் கொண்டுவந்த செலவு அது.

சரி, இனி தேய்மானம். தனிநபர் கடைகளில் வருமான வரி விகிதத்தையே கணக்கிலும் போடுவது வழக்கம். ரேக், மின் பொருத்துகள், டைல்ஸ் சேர்ந்து 3,70,000, இதற்கு 10 சதவீதம், 37,000. ஏசி, இன்வெர்ட்டர் 15 சதவீதம், 15,000. கம்ப்யூட்டர் 40 சதவீதம், 24,000. மொத்தம் 76,000.

ஆக இந்த வருட லாபத்தில் கழிவது வருவாயினம் 1,20,000, தேய்மானம் 76,000, இரண்டும் சேர்த்து 1,96,000. உங்கள் 6 லட்சத்தில் இதைக் கழித்தால் லாபம் 4,04,000. மீதி 6,04,000 எங்கும் போய்விடவில்லை. 4,54,000 கடைச் சொத்தாகவும் 1,50,000 அட்வான்ஸாகவும் நிற்கிறது. நீங்கள் நினைத்த 2 லட்சம் நஷ்டத்துக்கும் இந்த லாபத்துக்கும் உள்ள வித்தியாசம் அதே 6,04,000தான் என்பதைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அது சரியாக வந்தால் பிரித்தது சரி.

நீங்கள் ஆவணியில் திறந்தது இந்தக் கணக்கில் ஒரு நல்ல காரியம். ஒரு சொத்து வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதித் தேய்மானம்தான். அக்டோபர் 3க்குள் பயனுக்கு வந்திருந்தால் முழுசாகக் கிடைக்கும். தீபாவளியை ஒட்டி ஐப்பசியில் திறந்திருந்தால் 76,000 பாதியாகி 38,000 ஆகும், லாபம் 4,42,000 என்று நிற்கும். சொத்து வாங்கிய பில்லின் தேதி மட்டும் போதாது, பயனுக்கு வந்த தேதிதான் கணக்கு. திறப்பு விழா நோட்டீஸில் ஒன்றை எடுத்து ஃபைலில் வையுங்கள், கேட்டால் காட்டலாம்.

கணக்குப் புத்தகத்தில் சரியாக இருந்தும் வரிக் கணக்கில் கழிக்க முடியாமல் போகிற தொகைகளும் உண்டு. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருவாயினமாக இருந்தால் அந்தச் செலவு வரிக்குக் கழியாது, சொத்துக்காக இருந்தால் அந்தத் தொகை அடக்கத்தில் சேராது. ஆசாரிக்கு மொத்தமாக நோட்டுக் கட்டாகக் கொடுத்திருந்தீர்கள் என்றால் அதற்கு வரித் தேய்மானம் இல்லை. அப்புறம் திறப்பதற்கு முந்தைய அந்த இரண்டு மாத வாடகை. ஆசாரி வேலை நடந்த மாதத்தில் வியாபாரம் இன்னும் அமைக்கப்படவில்லை, அந்த 20,000 வரிக்குக் கழியாது என்பார்கள். சரக்கு அடுக்கி விற்கத் தயாராகிவிட்டால், முதல் விற்பனை பிந்தி நடந்திருந்தாலும் தயாரான நாளிலிருந்து வாடகை கழியும். ஜிஎஸ்டி பதிவு இருந்து ரேக், ஏசி பில்களின் வரிக்கு உள்ளீட்டு வரவு எடுத்திருந்தால், அந்த வரித் தொகையை அடக்கத்திலிருந்து நீக்கிவிட்டுத்தான் தேய்மானம் போட வேண்டும்.

விற்பனை 2 கோடிக்குள் இருக்கிறது, 8 அல்லது 6 சதவீத அனுமான லாபத்தில் ரிட்டர்ன் போடப் போகிறேன் என்றால் இந்தப் பிரிப்பால் இந்த வருட வரி மாறாது. தேய்மானமும் அந்தச் சதவீதத்துக்குள் கழிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள், சொத்தின் மதிப்பும் அதற்கேற்பக் குறைந்துகொண்டே வரும். உண்மையில் கடை என்ன சம்பாதித்தது என்று தெரிந்துகொள்ள அப்போதும் மேலே உள்ள கணக்குதான் வேண்டும்.

நஷ்டம் காட்டுவதால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். 2025-26இல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வியாபார வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருக்கிறது. வேறு வருமானம் இல்லை என்றால் இந்த 4 லட்சத்துக்கு எப்படியும் வரி வராது. 8 லட்சத்தையும் இப்போதே எழுதித் தீர்த்தால், வியாபாரம் வளர்ந்து வரி கட்டும் வருடங்களில் கழிக்கத் தேய்மானம் இருக்காது. அதிகாரி ஒருவேளை பிரித்துப் பார்த்தால் காட்டிய நஷ்டமும் நிற்காது. அதைவிட முக்கியம் வங்கி. நம் ஊரில் ஜவுளி வியாபாரம் தீபாவளியிலும், சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் தை, மாசியிலும்தான் ஓடும். நடுவில் சரக்குப் பிடிக்க வங்கியில் பணக்கடன் வரம்பு கேட்கப் போவீர்கள். அங்கே மேலாளர் கையில் 2 லட்சம் நஷ்டமும் சொத்தே இல்லாத இருப்புநிலைக் குறிப்பும் கொடுத்தால், அவர் எதை நம்பிக் கொடுப்பார்? அதே கடை, அதே பில்கள், 4,04,000 லாபமும் 4,54,000 கடைச் சொத்தும் காட்டும்போது பேச்சே வேறு.

அடுத்த வருடம் தேய்மானம் குறைந்த மதிப்பின் மேல் வரும். 3,33,000க்கு 33,300, ஏசி, இன்வெர்ட்டர் 85,000க்கு 12,750, கம்ப்யூட்டர் 36,000க்கு 14,400, மொத்தம் 60,450. இடையில் புது ரேக் எதுவும் சேர்த்தால் அதன் வண்டி வாடகை, பொருத்துக்கூலி ரசீதுகளை ரேக் பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். மார்ச்சில் கூலிக் கணக்கைக் கிளறி அவற்றைத் தேடுவதில்தான் எங்களுக்குப் பாதி நேரம் போகிறது.